ஒன்றே முக்கால் மணி நேரப் பயிற்சி வீடியோவை ஒரே பக்க அட்டையாக்குவது எப்படி? ஒரு பால் சொசைட்டி அனுபவத்திலிருந்து முழு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உள்ள ஒரு பால் சொசைட்டியில் நான் வேலை செய்கிறேன். கேரளத்து மண், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். காலை ஐந்தரைக்குக் கேன்கள் வர ஆரம்பித்தால் ஏழரை வரை சோதனை மேசையில் நிற்பவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்குப் பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு மூத்த டெஸ்டர் ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் பயிற்சி கொடுத்தார். நான் அதைப் போனில் பதிவு செய்தேன். நல்ல பயிற்சி. ஆனால் மறுநாள் காலை மேசையில் நின்ற பிள்ளை, பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இதை எந்தச் சூட்டில் பார்க்கணும்னு சொன்னாரு?" என்று கேட்டது. வீடியோவைத் தேடி எடுத்துக் காட்ட அப்போது யாருக்கு நேரம் இருந்தது?

அந்த வீடியோவை மேசைக்கு மேலே தொங்கும் ஒரு அட்டையாக மாற்றிய வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் வேலை வேறாக இருக்கலாம். இந்த ஒரு அட்டை எப்படி உருவானது என்று பார்த்தால் உங்களுடையதற்கு வழி தெரிந்துவிடும்.

1. அட்டை யார் கையில், எந்த நிமிடத்தில்?

வீடியோவைத் திறப்பதற்கு முன் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதியது இது: "காலை ஆறு மணி, கை ஈரம், எதிரே வரிசையில் எட்டுப் பேர், மேசையில் நிற்பது சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்." இந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடும். பயிற்சியில் சொசைட்டியின் வரலாறு, சம்பளத் தேதி, விடுப்பு விண்ணப்பம், குளிர்கலனைக் கழுவும் முறை எல்லாம் வந்தன. எல்லாம் தேவையான செய்திதான். ஆனால் அந்த நிமிடத்தில் அவருக்கு அவை எதற்கு? விடுப்பு விதியை அலுவலகச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். குளிர்கலன் கழுவுவதற்கு வேறு அட்டை போடலாம். ஒரு அட்டைக்கு ஒரு மேசை, ஒரு ஆள்.

2. இரண்டு தடவை பாருங்கள். இரண்டாவது தடவை சத்தமில்லாமல்

முதல் தடவை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதினேன். முதல் பத்தியில் வீடியோ நேரம், இரண்டாவதில் அவர் சொன்னது, மூன்றாவதில் அது என்ன வகை, நான்காவது காலி. வகை ஐந்துதான்: செய், எண், எச்சரிக்கை, கதை, கேள்வி. அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டாம். ஒரு செய்கைக்கு ஒரு வரி போதும். எனக்கு எழுபது வரிக்குச் சற்று மேல் வந்தது. ஒன்றே முக்கால் மணி வீடியோவுக்கு இந்த வேலை நான்கு மணி நேரம் பிடித்தது. இதை அவசரப்படுத்தினால் பின்னால் இரட்டிப்பாக உழைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி என்ற வகையைக் கவனமாகக் குறியுங்கள். பயிற்சி கொடுப்பவருக்கு எது முக்கியம் என்று அவர் பேச்சில் தெரியும். புதியவருக்கு எங்கே தடுக்கிறது என்பது அவர் கேட்கும் கேள்வியில்தான் தெரியும். எங்கள் வீடியோவில் "நுரை இருந்தால் என்ன செய்யணும்?" என்பதை இரண்டு பேர் வேறு வேறு நேரத்தில் கேட்டார்கள். பயிற்சியாளர் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருக்கு அது சின்ன விஷயம். அட்டையில் அதற்கு இடம் கிடைத்தது.

இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அவர் கையை மட்டும் பாருங்கள். இருபது வருடம் செய்த வேலையைக் கை தானாகச் செய்யும், வாய் அதைச் சொல்லாது. எங்கள் பயிற்சியாளர் சாம்பிளை ஜாடியில் ஊற்றும்போது ஜாடியைச் சாய்த்து, பால் உள்சுவர் வழியாக இறங்கும்படி விட்டார். மானியை விட்டபின் குனிந்து, பால் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்துதான் எண்ணைப் படித்தார். இரண்டையும் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சுவர் வழியாக ஊற்றினால் காற்றுக் குமிழி குறையும். குமிழி இருந்தால் மானி தவறான எண்ணைக் காட்டும். மேலிருந்து சாய்வாகப் பார்த்தாலும் எண் மாறிவிடும். சத்தமில்லாமல் பார்த்ததில் இப்படி நான்கு செய்கைகள் கிடைத்தன, நான்கும் அட்டைக்குப் போயின.

3. எல்லைப் பக்கத்துப் பேச்சில் காது ஏமாறும் இடங்கள்

இது எங்கள் ஊர் மாதிரி இடங்களுக்கே உரிய சிக்கல். கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயிற்சியாளர் தமிழில்தான் பேசினார், ஆனால் நடுநடுவே மலையாளம் வந்தது. "வெள்ளம் சேர்ந்த பாலு" என்றால் தண்ணீர் கலந்த பால் என்று எங்களுக்குத் தெரியும். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பிள்ளைக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது. அட்டையில் "தண்ணீர்" என்றே எழுத வேண்டும்.

இதைவிட மோசமானது ஒன்றில் நானே விழுந்தேன். வீடியோவில் அவர் சொன்னது: "சாம்பிள் தணுத்திருந்தா குறச்சு சூடாக்கணும்." மலையாளத்தில் "குறச்சு" என்றால் கொஞ்சம். பால் ஆறிப்போயிருந்தால் கொஞ்சம் சூடாக்க வேண்டும் என்கிறார். தமிழ்க் காதில் அது "குறைச்சு" என்று விழுந்தது. வேகமாக எழுதிக்கொண்டிருந்த நான், "சாம்பிள்: சூட்டைக் குறைக்கவும்" என்று எழுதிவிட்டேன். முதல் அச்சில் அந்த வரி அப்படியே போனது. ஒரு பனிக்காலக் காலையில், ஏற்கெனவே குளிர்ந்து கொழுப்பு ஆடையாக ஒட்டியிருந்த சாம்பிளை ஒரு பிள்ளை தண்ணீர்த் தொட்டியில் வைத்து மேலும் ஆறவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. ஆடை ஒட்டிய பாலை அப்படியே சோதித்தால் கொழுப்பு குறைவாக வரும். விலையும் குறையும். நட்டம் மாடு வளர்க்கிறவருக்கு.

அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மலையாளச் சொல் வந்த வரிகளை நோட்டில் வட்டமிட்டு, பொருளை எழுதாமல் அவர் சொன்ன ஒலியை அப்படியே எழுதுவேன். எல்லாம் முடிந்தபின் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வட்டமிட்டவற்றை மட்டும் திரும்பக் கேட்போம். பத்து நிமிட வேலை. ஆந்திர எல்லையில் தெலுங்கு கலந்து பேசும் பயிற்சியாளர் என்றாலும் இதையே செய்யலாம்.

அட்டையையும் இரண்டு மொழியில் ஒரே பக்கத்தில் போடாதீர்கள். எழுத்து பாதியாகச் சுருங்கி இரண்டு பேருக்குமே படிக்க முடியாமல் போகும். தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று என்று வைத்து, வரி எண்களை மட்டும் ஒன்றாக வையுங்கள். "நாலாவது வரியைப் பாரு" என்றால் இருவரும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள்.

4. பேச்சின் வரிசை வேறு, வேலையின் வரிசை வேறு

பேசுகிறவர் நினைவு வந்த வரிசையில் பேசுவார். எங்கள் வீடியோவில் ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில், மானி பார்ப்பதைச் சொல்லி முடித்து, கொழுப்பு அளக்கும் அனலைசருக்குப் போனபின், "ஆ, சொல்ல மறந்துட்டேன், கேனைத் திறந்ததும் முதல்ல மோந்து பாக்கணும்" என்றார். அது வேலையின் முதல் படி. வீடியோ வரிசையிலேயே அட்டை எழுதியிருந்தால் அது எங்கோ கீழே உட்கார்ந்திருக்கும்.

நோட்டில் காலியாக விட்ட நான்காவது பத்தி இதற்குத்தான். ஒரு கேன் வாசலில் நுழைந்ததிலிருந்து ரசீது கிழியும் வரை என்ன நடக்கிறது என்று மனதில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் வேலையின் வரிசை எண்ணை அங்கே எழுதுங்கள். "மறந்துட்டேன்", "அதுக்கு முன்னாடி", "இன்னொண்ணு" என்று தொடங்கும் வரிகளை முதலில் பாருங்கள். இடம் மாற வேண்டியவை பெரும்பாலும் அவைதான்.

5. எண்களை வீடியோவிலிருந்து எடுக்காதீர்கள்

வீடியோவில் எந்த எண் பேசப்பட்டது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டைக்குப் போகும் எண்ணைக் கருவியிலிருந்தோ எழுத்தில் உள்ள ஆணையிலிருந்தோ எடுங்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பால்மானி ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு அளவு வைத்துச் செய்யப்படுவது. பால் அதைவிடச் சூடாக இருந்தால் அடர்த்தி குறைந்து மானி கீழே இறங்கும், எண் குறைவாகத் தெரியும். அதனால் கூடுதல் சூட்டுக்கு ஈடாக எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும், பால் ஆறியிருந்தால் கழிக்க வேண்டும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.2 என்பது எங்கள் கணக்கு. பயிற்சியாளர் "29 டிகிரிக்கு மேலே போனால் கூட்டணும்" என்றார். அவர் பழகியது 84 டிகிரி ஃபாரன்ஹீட் மானி, அதாவது ஏறக்குறைய 29 செல்சியஸ். எங்கள் மேசையில் இருப்பது 27 டிகிரி செல்சியஸ் மானி. அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது.

பால் 31 டிகிரியில் இருக்கிறது, மானி 27 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்னபடி 29-லிருந்து கணக்குப் போட்டால் இரண்டு டிகிரி, 0.4 கூட்டினால் 27.4. எங்கள் மானிப்படி நான்கு டிகிரி, 0.8 கூட்டினால் 27.8. கொழுப்பில்லாத திடப்பொருளைக் கணக்கிடும்போது இந்த எண்ணை நான்கால் வகுக்கிறோம். ஆக 0.1 சதவீத வித்தியாசம் வந்துவிடுகிறது. பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு விதிப்படி குறைந்தது 8.3 சதவீதம் வேண்டும். 8.3-க்கும் 8.2-க்கும் நடுவே ஒருவருடைய பால் நிற்கும்போது இந்த 0.1 சின்ன விஷயமா?

பயிற்சியாளர் பொய் சொல்லவில்லை. அவர் மானிக்கு அவர் சொன்னது சரி. அதனால்தான் எண்ணை மேசையில் இருக்கும் பொருளிலிருந்து எடுக்க வேண்டும் என்கிறேன். திடப்பொருள் கணக்கின் சூத்திரத்தையும் நான் அட்டையில் போடவில்லை. அதில் கடைசியாகக் கூட்டும் எண் பால் ஒன்றியத்துக்கு ஒன்றியம் மாறுகிறது, எங்கள் கம்ப்யூட்டரே அதைப் போட்டுக்கொள்கிறது. மேசையில் நிற்பவர் கையால் செய்யாத கணக்குக்கு அட்டையில் இடமில்லை.

6. எழுதுவது

எழுபது வரியில் கதைகளையும் அந்த மேசைக்குச் சம்பந்தமில்லாதவற்றையும் அடித்தபின் இருபத்தைந்து மிஞ்சியது. அப்புறம் ஒவ்வொன்றையும் பார்த்து, "இது இல்லாவிட்டால் நாளைக் காலை என்ன கெடும்?" என்று கேட்டேன். பதில் வராதவற்றையும் எடுத்துவிட்டேன். எட்டு நின்றது.

தமிழில் அட்டை எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மொழியில் "செய்யாதே" என்பதன் மறுப்பு சொல்லின் வாலில் இருக்கிறது. "டேங்கில் ஊற்றாதே" என்ற வரியை அவசரத்தில் பார்க்கிறவர் கண்ணில் "டேங்கில் ஊற்று" வரைதான் விழும். அதனால் செய்யக்கூடாததை எழுதாமல், அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியதை எழுதுங்கள்: "கேனைத் தனியே வை." "புளிப்பு வாடை வந்தால்" என்று நிபந்தனையை முன்னால் வைத்து வேலையைக் கடைசியில் சொல்வது தமிழுக்கு இயல்பாகவே வருகிறது, அட்டைக்கும் அதுதான் பொருத்தம். "கலக்கப்பட வேண்டும்" போன்ற அலுவலக நடையை விட்டுவிடுங்கள். "கலக்கு" போதும். மரியாதை குறைவு என்று முதலில் ஒருவர் சொன்னார். இரண்டு நாளில் பழகிவிட்டது.

முடிந்த அட்டை இப்படி வந்தது:

சோதனை மேசை – காலைப் பால்

1. கேனைத் திறந்ததும் மோந்து பார். புளிப்பு வாடை வந்தால்: கேனைத் தனியே வை, செயலாளரைக் கூப்பிடு.
2. கலக்கியைக் கேனின் அடிவரை விட்டுக் கலக்கு. பிறகு சாம்பிள் எடு, எண் எழுது.
3. பாலில் ஆடை ஒட்டியிருந்தால்: சாம்பிளை வெந்நீரில் நிறுத்தி 40 டிகிரி வரை சூடாக்கு, கலக்கு, 27-க்கு ஆறவிடு.
4. ஜாடியைச் சாய்த்துச் சுவர் வழியாக ஊற்று. நுரை அடங்கும் வரை பொறு.
5. மானியை மெதுவாக விடு. குனிந்து, கண் மட்டத்தில், பால் மானியைத் தொடும் மேல்விளிம்பில் படி.
6. சூடு பார். 27-க்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்டு. கீழே என்றால் 0.2 கழி.
7. திருத்திய எண் 26-க்குக் கீழே என்றால்: கேனை மறுபடி கலக்கி, இரண்டாவது சாம்பிள் எடு. அதுவும் குறைந்தால் செயலாளரைக் கூப்பிடு.
8. சந்தேகப் பால்: குழாயில் 5 மில்லி எடுத்துக் கொதிக்க வை. திரிந்தால்: கேனைத் தனியே வை.

ஏழாவது வரியில் உள்ள 26 எங்கள் சொசைட்டி முடிவு செய்த எண். உங்கள் இடத்தில் வேறாக இருக்கலாம். "தண்ணீர் கலந்திருக்கிறது" என்று அங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. எண் குறைவதற்கு நுரையும் காரணமாகலாம், சரியாகக் கலக்காததும் காரணமாகலாம். சேர்ந்து ஒரு வாரம் ஆன பிள்ளை வரிசையில் நிற்கும் பெரியவரைப் பார்த்து "தண்ணி ஊத்தியிருக்கீங்க" என்று சொல்லும்படி ஒரு அட்டை செய்யக்கூடாது.

7. அச்சு

ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும். எழுத்து 16 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம், எண்கள் 22-இல் தடித்து இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளம், மேலே கீழே கொம்பும் சுழியும் உண்டு. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். கம்ப்யூட்டரில் `Nirmala UI` எழுத்துருவே போதும். எங்கள் பக்கம் டி.டி.பி. கடைகளில் பழைய எழுத்துரு முறையில் வேலை செய்கிறார்கள். வேர்டு கோப்பாகக் கொடுத்தால் எழுத்து சிதறிவிடும். பி.டி.எஃப். ஆக மாற்றி எடுத்துப்போய், அச்சான தாளை அங்கேயே ஒரு தடவை வாசித்துவிட்டு வாங்குங்கள். லேமினேஷன் கட்டாயம். ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே ஏறிவிடும்.

தொங்கவிடும் இடம் மானி வைக்கும் ஸ்டாண்டுக்கு நேர் மேலே, நிற்பவர் கண் உயரத்தில். எங்கள் முதல் அட்டையை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒரு வாரம் யாரும் அதைப் பார்க்கவில்லை.

8. வாயை மூடிக்கொண்டு சோதனை

பயிற்சிக்கே வராத ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து ஒரு கேனைச் சோதிக்கச் சொல்லுங்கள். நான் சொசைட்டி வண்டி ஓட்டும் தம்பியைக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்று எதுவும் பேசாமல், அவர் எங்கே நிற்கிறார், எதைத் திரும்பப் படிக்கிறார் என்று மட்டும் குறித்தேன். இரண்டாவது வரியில் நின்றார். முதலில் அங்கே "நன்றாகக் கலக்கு" என்று இருந்தது. அவர் மேலாக நாலு சுற்றுச் சுற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கொழுப்பு மேலே ஏறி நிற்கும், அடிவரை கலக்கினால்தான் சாம்பிள் சரியாக இருக்கும். "அடிவரை" என்ற சொல் அப்போதுதான் சேர்ந்தது. "நன்றாக", "போதுமான", "சரியாக" போன்ற சொற்கள் உங்கள் அட்டையில் இருந்தால் அந்த இடங்களில் ஆள் நிற்பார்.

அப்புறம் பயிற்சியாளருக்கு அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, "சரியா இருக்கா?" என்று கேட்காமல், "இதில் எந்த வரி தப்பு?" என்று கேட்டேன். முன்னதற்கு எல்லோரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அவர் ஐந்தாவது வரியைப் பிடித்தார். நான் கீழ்விளிம்பில் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன், பள்ளியில் தண்ணீருக்குப் படித்த பழக்கம். பால் ஒளியை விடாது, மேல்விளிம்பில்தான் படிக்க வேண்டும் என்றார்.

9. தொங்கவிட்ட பிறகு

அட்டையின் கீழ் மூலையில் தேதியும் பதிப்பு எண்ணும் போடுங்கள். புதியது வந்த அன்றே பழையதைக் கழற்றிக் கிழித்துவிடுங்கள். எங்கள் நோட்டில் ஒவ்வொரு அட்டை வரிக்கும் எதிரே வீடியோ நேரம் இருக்கிறது. யாராவது "அவர் அப்படிச் சொல்லவே இல்லை" என்றால், அந்த நிமிடத்தைத் திறந்து அரை நிமிடத்தில் காட்டிவிடலாம். மானி உடைந்து புதியது வாங்கினால், அதில் அச்சிட்டிருக்கும் சூட்டைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியிலிருந்து மேசைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

அட்டையின் மேல் யாராவது பேனாவால் கிறுக்கியிருந்தால் திட்டாதீர்கள், படியுங்கள். மூன்றாவது வாரம் எங்கள் அட்டையின் ஓரத்தில் மார்க்கரில் செயலாளரின் போன் நம்பர் எழுதியிருந்தது. "செயலாளரைக் கூப்பிடு" என்று இரண்டு இடத்தில் எழுதிய நான் நம்பரைப் போடாமல் விட்டிருந்தேன். இப்போது தொங்குவது நான்காவது பதிப்பு. நம்பர் தலைப்புக்குப் பக்கத்திலேயே, 22 புள்ளியில் இருக்கிறது.